கட்டுரை விடைத்தாள் மதிப்பீட்டில் தேர்வாளர் வேறுபாடு

தேர்வாளர் வேறுபாடு என்பது ஒரே கட்டுரை விடைக்கு வெவ்வேறு தேர்வாளர்கள் வெவ்வேறு மதிப்பெண் இடுவதையும், ஒரே தேர்வாளரே வேறொரு நாளில் வேறு மதிப்பெண் இடுவதையும் குறிக்கும். கூட்டல் தவறு, பக்கம் விடுபடுதல் போன்ற கவனக்குறைவுகள் இதில் அடங்கா. விடையை முழுதும் படித்து, நேர்மையாக மதிப்பிட்ட பிறகும் எஞ்சும் வேறுபாடே இங்குப் பேசப்படுகிறது. இதை அளந்து பார்க்கும் முயற்சி 1888இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வை முன்வைத்துத் தொடங்கியது. இவ்வேறுபாட்டைச் சரிசெய்வதாகக் கூறிக் கையாளப்பட்ட கணித முறைகள் இலங்கைத் தமிழ் மாணவர்களின் பல்கலைக்கழக வாய்ப்பையும், 2007இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒரு முக்கியத் தீர்ப்பையும் பாதித்தன. மாதிரி விடைத்தாள்களைக் கொண்டு தேர்வாளர்களின் அளவுகோலை ஒன்றுபடுத்துவது இவ்வேறுபாட்டைக் குறைக்கும் மற்றொரு முறை.

## எட்ஜ்வொர்த்தின் சோதனை

இந்தியக் குடிமைப் பணிக்குப் பரிந்துரையின் பேரில் ஆள் எடுக்கும் வழக்கம் முடிவுக்கு வந்து, 1855 முதல் இலண்டனில் போட்டித் தேர்வு நடத்தப்பட்டது. தேர்வின் பெரும்பகுதி கட்டுரை விடைகளாக இருந்தது. சில மதிப்பெண் வேறுபாட்டில் ஒருவர் இந்தியாவில் மாவட்ட ஆட்சியர் ஆவதும், மற்றவர் வேறு வேலை தேடுவதும் முடிவாயிற்று. அந்தச் சில மதிப்பெண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டவர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் (1845–1926) என்னும் அயர்லாந்துப் பொருளியல் அறிஞர். புள்ளியியலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் அவர் அறியப்படுகிறார்.

அவர் ஓர் இலத்தீன் உரைநடைப் பயிற்சியை ஒரு கல்வி இதழில் அச்சிட்டு, குடிமைப் பணித் தேர்வின் விடையாக அதைக் கருதி மதிப்பெண் இடுமாறு தகுதி வாய்ந்த தேர்வாளர்களைக் கேட்டார். 28 பேர் மதிப்பெண் அனுப்பினர். பெரும்பாலானவை 70க்கும் 90க்கும் இடையில் இருந்தன. ஆனால் மிகக் குறைந்த மதிப்பெண் 45, மிக உயர்ந்தது 100. எழுதியவர் ஒருவர், விடை ஒன்று, மாறியது திருத்தியவர் மட்டுமே.

எட்ஜ்வொர்த் இதை ஒழுக்கக் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு விண்மீனின் நிலையைப் பல வானியலாளர்கள் அளக்கும்போது அளவீடுகள் சற்று விலகி நிற்பதைப் போன்றே இதையும் கருதினார். தகுதியுள்ள பலர் இடும் மதிப்பெண்களின் சராசரியை உண்மை மதிப்பெண்ணாகக் கொண்டால், ஒவ்வொரு தேர்வாளரும் அதிலிருந்து விலகும் அளவே பிழை. பிழை என்றால் அதை அளக்கலாம், குறைக்கவும் செய்யலாம். நான்கு தேர்வாளர்கள் தனித்தனியே திருத்திச் சராசரி எடுத்தால், தற்செயலான பிழை ஒருவர் திருத்துவதில் உள்ளதைப் போலப் பாதியாகக் குறையும்.

1890இல் வெளியிட்ட இரண்டாவது கட்டுரையில் அவர் இதன் விளைவைக் கணக்கிட்டார். வெற்றி பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையினரே உறுதியாகத் தேறியவர்கள் என்பது அவர் முடிவு. எஞ்சியவர்கள், அதே அளவு தகுதியுள்ள வேறு தேர்வாளர்கள் அமர்த்தப்பட்டிருந்தால் தோற்றிருக்கக் கூடியவர்கள். பட்டியலின் உச்சியில் இருப்பவரைப் பிழை எளிதில் அசைக்காது. வெட்டுக் கோட்டை ஒட்டி நிற்பவரின் விதியை அதுவே தீர்மானிக்கும் என்னும் கருத்து இங்கிருந்து தெளிவாயிற்று.

## ஒருவரே இரண்டு முறை திருத்தும்போது

டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக 1920 முதல் 1925 வரை இருந்த பிலிப் ஹார்டாக், இங்கிலாந்து திரும்பிய பின் புள்ளியியலாளர் ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து தேர்வுகளை ஆராய்ந்து 1935இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் வரலாற்றுப் பாட விடைத்தாள்கள் பற்றிய சோதனை பெரிதும் பேசப்பட்டது.

பள்ளி இறுதித் தேர்வில் ஒரே நடுத்தர மதிப்பெண் பெற்றிருந்த 15 விடைத்தாள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பழைய மதிப்பெண்கள் நீக்கப்பட்டு, 15 அனுபவமிக்க தேர்வாளர்களிடம் அவை தரப்பட்டன. அவர்கள் மதிப்பெண் இடுவதோடு, தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என முடிவும் சொல்ல வேண்டும். ஒரே மதிப்பெண் பெற்றிருந்த அத்தாள்கள் இம்முறை 21 முதல் 70 வரை பரவின.

12 முதல் 19 மாதங்கள் கழிந்த பின் அவர்களுள் 14 பேரிடம் அதே தாள்கள் மீண்டும் கொடுக்கப்பட்டன. முந்தைய மதிப்பெண் அவர்களிடம் இல்லை. 14 பேர் 15 தாள்களுக்குச் சொன்ன முடிவுகள் மொத்தம் 210. அவற்றில் 92 முடிவுகள் மாறியிருந்தன. ஆகவே ஒருவர் கறாரானவர், மற்றவர் தாராளமானவர் என்று பிரிப்பதால் மட்டும் சிக்கல் தீராது. ஒருவருக்குள்ளேயே அளவுகோல் நிலையாக இல்லை.

## வேறுபாடு எங்கிருந்து வருகிறது

1961இல் அமெரிக்காவின் கல்விச் சோதனைப் பணியகத்தைச் சேர்ந்த பால் டீடரிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 300 மாணவர் கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்று முதல் ஒன்பது வரை தரமிடச் சொன்னார்கள். படித்தவர்களில் கல்லூரி ஆசிரியர்களோடு வழக்கறிஞர்களும் எழுத்தாளர்களும் வணிகத் துறையினரும் இருந்தனர். எதைக் கவனிக்க வேண்டும் என்ற அறிவுரை எதுவும் தரப்படவில்லை. 300 கட்டுரைகளில் 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. ஐந்து தரங்களுக்குக் குறைவாகப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை.

இதில் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்து வகைப் படிப்பாளிகள் தெரிந்தனர். ஒரு குழுவினர் கருத்துக்கே மதிப்பளித்தார்கள். மற்றவர்கள் முறையே அமைப்பு, எழுத்துப் பிழை மற்றும் இலக்கணம், சொல்லாட்சி, எழுதுபவரின் தனித்தன்மை ஆகியவற்றைப் பெரிதாகக் கொண்டார்கள். இது தமிழ் ஆசிரியர்களுக்கும் பழக்கமான காட்சிதான். ஒற்றுப்பிழை கண்டால் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். மேற்கோள் பாடல் இருந்தால் ஒருவர் கூட்டுவார். முன்னுரை, முடிவுரை, உட்தலைப்பு எல்லாம் இருந்தாலே போதும் என்பார் மற்றொருவர். இவர்கள் கண்ணுக்கு ஒரே தாள் மூன்று வெவ்வேறு விடைகளாகத் தெரிகிறது.

இதனுடன் வேறு சில போக்குகளும் சேர்கின்றன. அழகான கையெழுத்தோ நல்ல முதல் பத்தியோ உண்டாக்கும் எண்ணம் பின்வரும் அனைத்தின்மேலும் படிவது ஒளிவட்ட விளைவு எனப்படும். 1920இல் எட்வர்டு தார்ண்டைக் இப்போக்குக்குப் பெயரிட்டார். மிகச் சிறந்த தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள், உள்ளதைவிட மோசமாகத் தோன்றுவது ஒப்பீட்டு விளைவு. உறுதியாக முடிவெடுக்கத் தயங்கி எல்லோருக்கும் நடுவாந்தர மதிப்பெண்ணே இடுவது நடுப்போக்கு.

களைப்பின் விளைவு எல்லோரிடமும் ஒரே திசையில் இருப்பதில்லை. மாலை நெருங்கும்போது சிலர் முழுப் பத்தியையும் படிக்காமல் முக்கியச் சொற்களை மட்டும் தேடுவார்கள். அப்போது நன்றாக வாதிட்ட விடையும் சொற்களை மட்டும் அடுக்கிய விடையும் ஒன்றாகிவிடும். வேறு சிலர் ஒரே தவறைத் திரும்பத் திரும்பக் கண்டு எரிச்சலுற்று, கடைசியில் வரும் தாள்களில் அதற்குக் கூடுதலாகக் குறைப்பார்கள். இன்னும் சிலரிடம் நேர்மாறானது நடக்கும். முதல் நாள் மனத்தில் இருந்த நல்ல விடையின் உருவம் நாளடைவில் மங்கி, கைக்கு வந்த தாள்களே புதிய அளவுகோலாகும். சராசரியான விடைகளையே தொடர்ந்து படித்தவருக்குச் சற்று மேலானதும் சிறப்பாகத் தெரியும். இதுவே தாராள நகர்வு. நாள்தோறும் சிறிது சிறிதாக நடப்பதால் திருத்துபவருக்கே இது தெரிவதில்லை.

## இலங்கை: சரிபார்க்கப்படாத சந்தேகம்

தேர்வாளர் தாராளம் என்னும் குற்றச்சாட்டு ஒரு சமூகத்தின் வரலாற்றையே திருப்பிய நிகழ்வு இலங்கையில் நடந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான தேர்வைச் சிங்கள, தமிழ் மொழி மூலங்களில் மாணவர்கள் எழுதினர். ஒவ்வொரு மொழித் தாளையும் அம்மொழி அறிந்தவர்களே திருத்த வேண்டியிருந்தது. அறிவியல் பிரிவுகளில் தமிழ் மாணவர்கள் பெருமளவு இடம்பெற்ற நிலையில், தமிழ்த் தேர்வாளர்கள் தம் மாணவர்களுக்குத் தாராளமாக மதிப்பெண் இடுகிறார்கள் என்ற பேச்சு 1970இல் எழுந்தது. அதுபற்றி நடந்த விசாரணையில் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆயினும் 1971ஆம் ஆண்டு அனுமதியில் இரு மொழியினருக்கும் வெவ்வேறு வெட்டு மதிப்பெண்கள் வைக்கப்பட்டன. மொத்தம் 400 மதிப்பெண்ணில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவர் 229 பெற்றால் போதும். தமிழ் மொழி மூல மாணவர் 250 பெற வேண்டும். பேராதனைப் பொறியியல் பிரிவுக்கு இவ்வெண்கள் 227, 250 என இருந்தன. 1973இல் இது மொழிவாரித் தரப்படுத்தல் என்னும் கணித வடிவம் பெற்றது. ஒவ்வொரு மொழித் தொகுதியின் மதிப்பெண்களும் பொது அளவுக்கு மாற்றப்பட்டு, தேர்வெழுதியோர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தேர்வானோர் விகிதம் அமையுமாறு செய்யப்பட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. அதற்குள் அது தமிழ் இளைஞர்களிடையே ஆழ்ந்த கசப்பை விதைத்திருந்தது.

மதிப்பீட்டு முறை என்ற அளவில் பார்த்தால் இதன் அடிப்படைக் குறை எளிதில் விளங்கும். ஒரு தொகுதியின் சராசரி உயர்ந்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். திருத்தியவர் தாராளமாக இருந்திருக்கலாம், அல்லது மாணவர்கள் உண்மையாகவே நன்றாக எழுதியிருக்கலாம். மதிப்பெண் பட்டியலை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. சூத்திரம் முதல் காரணத்தையே உண்மையாகக் கொண்டு இரண்டாவதை அழித்துவிடுகிறது. பிரித்தறிய ஒரே வழி, தாள்களைத் திறந்து, இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு மாதிரிகளை மறுபடி திருத்திப் பார்ப்பதே.

## மாதிரி விடைத்தாள்களால் அளவொப்புமை

தராசைப் படிக்கல்லால் சோதிப்பதைப் போல, மதிப்பெண் முன்பே முடிவான தாள்களால் தேர்வாளரைச் சோதிப்பது அளவொப்புமை எனப்படும். முதலில் தலைமைத் தேர்வாளரும் மூத்த தேர்வாளர்களும் பல ஊர்களிலிருந்து வந்த தாள்களில் சிலவற்றை எடுத்துத் தனித்தனியே திருத்துவர். பிறகு கூடி, வேறுபாடு உள்ள ஒவ்வொன்றையும் விவாதித்து ஒரு மதிப்பெண்ணுக்கு உடன்படுவர். அதற்கான காரணமும் எழுதி வைக்கப்படும். தெளிவான நல்ல விடை, தெளிவான மோசமான விடை ஆகியவற்றைவிட, குழப்பம் தரும் தாள்களே இதற்கு அதிகம் பயன்படும். கருத்து நன்றாக இருந்து பிழை மலிந்த தாள், நடை அழகாக இருந்து கேள்விக்கு விடையே சொல்லாத தாள் போன்றவை டீடரிக் கண்ட ஐவகைப் படிப்பாளிகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும்.

அடுத்து ஒவ்வொரு தேர்வாளரும் உடன்பட்ட மதிப்பெண் தெரியாமல் ஒரு தொகுதி மாதிரிகளைத் திருத்துவார். அதிலிருந்து எதைப் படித்தறியலாம் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். 20 மதிப்பெண் கட்டுரையில் ஐந்து மாதிரிகளின் உடன்பட்ட மதிப்பெண்கள் 6, 9, 11, 14, 17 எனக் கொள்வோம்.

| தேர்வாளர் | இட்ட மதிப்பெண்கள் | விலகல்கள் | சராசரி விலகல் |
|---|---|---|---|
| முதலாமவர் | 8, 11, 13, 16, 19 | +2, +2, +2, +2, +2 | +2 |
| இரண்டாமவர் | 9, 10, 11, 12, 13 | +3, +1, 0, −2, −4 | −0.4 |
| மூன்றாமவர் | 3, 13, 8, 17, 14 | −3, +4, −3, +3, −3 | −0.4 |

சராசரி விலகலை மட்டும் பார்த்தால் முதலாமவர்தான் மோசமானவராகத் தெரிவார். உண்மையில் அவர்தான் எளிதில் திருத்தக்கூடியவர். அவர் தாளின் தரவரிசையைச் சரியாகவே அறிந்திருக்கிறார்; எல்லோருக்கும் இரண்டு மதிப்பெண் கூட இடுகிறார், அவ்வளவே. இரண்டாமவரிடம் நடுப்போக்கு உள்ளது. நல்ல மாணவரிடமிருந்து எடுத்து மோசமான தாளுக்குக் கொடுக்கிறார். அளவின் இரு முனைகளிலும் உள்ள மாதிரிகளைக் காட்டி விவாதித்தால் அவர் திருந்தக்கூடும். மூன்றாமவரின் விலகலில் எந்த ஒழுங்கும் இல்லை. கூட்டியோ குறைத்தோ அவர் மதிப்பெண்களைச் சீர்செய்ய முடியாது. அவர் திருத்திய தாள்களை வேறொருவர் மீண்டும் திருத்துவதே வழி.

முதல் நாள் தேறியவர் ஐந்தாம் நாளும் அப்படியே இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே உடன்பட்ட மதிப்பெண் கொண்ட தாள்களைச் சாதாரணத் தாள்களோடு அடையாளம் தெரியாமல் நாள்தோறும் கலந்து வைப்பர். 11 மதிப்பெண்ணுக்கு உரிய தாள்களுக்கு ஒருவர் முதல் நாள் 11, மூன்றாம் நாள் 12, ஐந்தாம் நாள் 13 என இட்டால், அது தாராள நகர்வு. இத்தகையவருக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தால், முதல் நாள் சரியாக மதிப்பிடப்பட்ட மாணவர் ஒன்றை இழப்பார். ஐந்தாம் நாள் மாணவருக்கு இன்னும் ஒன்று கூடுதலாக இருக்கும். நகர்வு தொடங்கிய நாளைக் கண்டறிந்து, அன்று முதல் திருத்தியவற்றைத் திரும்ப எடுப்பதே முறை. திரையில் விடைத்தாள் திருத்தும் இடங்களில் இந்தக் கலப்பு எளிது. காகிதத் தாளில் திருத்தும்போது பழைய மதிப்பெண்ணும் குறிகளும் இல்லாத படிகளைத் தயாரிக்க வேண்டியிருப்பதால், தலைமைத் தேர்வாளர் சில தாள்களை மறுபடி பார்ப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அப்போதும் முதலில் இட்ட மதிப்பெண் கண்ணில் படுவதால், இரண்டாமவர் அதையொட்டியே முடிவெடுக்கும் போக்கு உண்டு.

## உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2007

உத்தரப் பிரதேசப் பொதுப் பணித் தேர்வாணையம் நடத்திய 2003ஆம் ஆண்டு உரிமையியல் நீதிபதி தேர்வில் எல்லோரும் ஒரே பாடங்களை எழுதினர். ஒவ்வொரு பாடத்தின் தாள்களையும் பல தேர்வாளர்கள் பகிர்ந்து திருத்தினர். தேர்வாளர் வேறுபாட்டை நீக்குவதற்கென்று ஆணையம் பின்வரும் சூத்திரத்தைப் பயன்படுத்தியது.

```
Z = 100 + ((X − M) / S) × 20
```

இதில் X என்பது தேர்வாளர் இட்ட மதிப்பெண், M அவர் திருத்திய தாள்களின் சராசரி, S அவற்றின் திட்ட விலக்கம். ஒவ்வொரு தேர்வாளரின் தொகுதியும் சராசரி 100, திட்ட விலக்கம் 20 என்னும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது.

கறாரான ஒருவரின் சராசரி 60, திட்ட விலக்கம் 20 என்றும், தாராளமான ஒருவரின் சராசரி 120, திட்ட விலக்கம் 30 என்றும் கொள்வோம். முன்னவரிடம் 100 பெற்றவரும் பின்னவரிடம் 180 பெற்றவரும் சூத்திரத்தின்படி 140 பெறுவர். இதுவரை நியாயமாகத் தோன்றலாம். ஆனால் ஒன்றுமே எழுதாமல் சுழியம் பெற்ற இருவரைப் பார்த்தால், கறாரானவரிடம் சிக்கிய வெற்றுத்தாள் 40 மதிப்பெண் பெறும். தாராளமானவரிடம் சென்ற வெற்றுத்தாள் 20 பெறும். வெற்றுத்தாளில் கறாருக்கும் தாராளத்துக்கும் இடமே இல்லை. அங்கும் சூத்திரம் மதிப்பெண் வழங்குகிறது, அதுவும் வெவ்வேறாக.

சஞ்சய் சிங் என்பவர் பெயரால் அறியப்படும் வழக்கில் 2007 சனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சுழியம் பெற்றவர்களுக்கு மதிப்பெண் சேர்ந்ததைச் சுட்டிக்காட்டி, இச்சூத்திரம் அத்தேர்வுக்குப் பொருந்தாது என்றது. வெவ்வேறு விருப்பப் பாடங்களை எழுதியோரை ஒப்பிடும்போதுதான் அளவு மாற்றத்துக்கு இடமுண்டு. எல்லோரும் ஒரே தாளை எழுதி, திருத்துபவர் மட்டும் பலராக இருக்கும்போது மட்டுப்படுத்தலே ஏற்ற முறை என்று அது விளக்கியது. தேர்வாளர்கள் கூடி வினாத்தாளையும் மாதிரி விடைகளையும் விவாதித்தல், மாதிரித் தாள்களைத் திருத்தி வேறுபாட்டைக் களைதல், திருத்தியவற்றில் உயர்ந்த மதிப்பெண் தாள்களையும் குறிப்பின்றி எடுத்த சிலவற்றையும் தலைமைத் தேர்வாளர் மறுபடி பார்த்தல், சீரான விலகல் இருந்தால் அத்தொகுதிக்கு ஒரே அளவில் கூட்டுதல் அல்லது குறைத்தல், ஒழுங்கற்ற மதிப்பீடாக இருந்தால் வேறொருவரைக் கொண்டு முழுதும் திருத்துதல் ஆகியவை அம்முறையின் படிகள். முந்தைய எடுத்துக்காட்டில் முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் வெவ்வேறு தீர்வு சொல்லப்பட்டதன் காரணம் இதுவே.

## தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில்

தென்காசி மாவட்டத்தின் குருவிகுளத்தில் ஒரு மாணவர் எழுதும் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தாள், பெயரும் பள்ளியும் மறைக்கப்பட்டு வேற்றெண்ணுடன் திருத்தும் முகாமுக்குச் செல்கிறது. யாருடைய தாள் என்பதால் வரும் சார்பை இது தடுக்கிறது. முகாமில் விடைக்குறிப்பு வழங்கப்பட்டு, முதன்மைத் தேர்வாளரும் கூர்ந்தாய்வாளரும் முதலில் திருத்தத் தொடங்குவர். உதவித் தேர்வாளர்கள் பின்னர் சேர்வர். கூர்ந்தாய்வாளர் பெரும்பாலும் விடுபட்ட விடையையும் கூட்டல் பிழையையும் கண்டுபிடிக்கிறார். குறுவினாக்களுக்கு விடைக்குறிப்பே போதுமானது. இருவர் திருத்தினாலும் பெரிய வேறுபாடு வராது. நெடுவினாவிலும் கட்டுரையிலும் விடைக்குறிப்பு எழுத வேண்டிய கருத்துகளைச் சொல்லும். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதைச் சொல்லாது. அதைக் காட்டக்கூடியது மாதிரி விடைத்தாள் மட்டுமே.

முடிவு வந்த பின் மாணவர் விடைத்தாள் நகலைப் பெற்று மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். மறுகூட்டல் எண்ணிக்கைப் பிழையை உறுதியாகத் தீர்க்கும். மறுமதிப்பீடு கட்டுரைக்கு மற்றொரு தேர்வாளரின் கருத்தைப் பெற்றுத் தருகிறது. அவரும் 28 பேரில் ஒருவரே. விண்ணப்பிப்பவர் மட்டுமே அதைப் பெறுவதால், அதே தேர்வாளரின் கட்டில் இருந்த மற்ற மாணவர்களின் மதிப்பெண் அப்படியே நிற்கும்.